பெயர்களை அடுக்கினால் போதுமா?

முதுகலை ஆய்வேட்டில் முன்னாய்வுகளைப் பேசும் இயலில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று பத்திக்கு ஒரு பெயராக அடுக்கிவிடுகிறார்கள். பத்திகளை முன்பின்னாக மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அந்த இயலில் வாதமே இல்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எடுத்துக்கொள்வோம். வெளிவந்தது 2010இல், எதிர்ப்பு மூண்டது 2014 டிசம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2016இல். ஆகவே கட்டுரைகளை முதலில் தேதி பார்த்துப் பிரிக்க வேண்டும். முந்தையவை சர்ச்சையின் நிழல் படாதவை. பிந்தையவற்றில் கருத்துரிமைப் பேச்சு எப்படியும் நுழைந்துவிடும். அதன் பிறகு குழந்தையின்மை, சாதி, கொங்கு வட்டார வழக்கு எனக் கேள்விவாரியாக உட்தலைப்புகள் இடலாம். ஒரே திறனாய்வாளர் இரண்டு தலைப்புகளில் வந்தாலும் தவறில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படித்தவர் வட்டார வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால், அதைச் சுட்டிக்காட்டத் தயங்க வேண்டாம்.

சமகாலப் புனைவுக்குத் திறனாய்வு நூல்கள் குறைவு; மதிப்புரைகளும் நேர்காணல்களுமே அதிகம் கிடைக்கும். எழுத்தாளரின் நேர்காணல் திறனாய்வு ஆகாது. அது முதன்மைச் சான்று. நாவலை அலசும் இயலில் அதற்கு இடம் உண்டு.

‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்று எழுதும் முன் நெறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.