ஆப்டிகல் கேபிளில் 5.1 ஒலி: பாஸ்த்ரூவா, பிசிஎம்மா?

தொலைக்காட்சியின் ஆப்டிகல் அவுட்டில் செருகும் கேபிளை 1983இல் தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதன் வழியே ஒலி செல்லும் முறை, இடது வலது என இரண்டு சேனல்களுக்காக வகுக்கப்பட்டது. சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலிக்குப் பிசிஎம் என்று பெயர். இரண்டு சேனல் பிசிஎம் நொடிக்குச் சுமார் 15 லட்சம் பிட் எடுத்துக்கொள்ளும், 5.1 ஒலியின் ஆறு சேனல்களை அப்படியே அனுப்ப 46 லட்சம் பிட் வேண்டும். அதற்கு இந்த முறையில் இடமே இல்லை. ஆறு சேனல்களையும் நொடிக்கு 6.4 லட்சம் பிட்டுக்குள் சுருக்கிவிடுகிறது டால்பி டிஜிட்டல். ஆகவே ஆப்டிகலில் சரவுண்ட் ஒலி போக வேண்டுமென்றால் அது சுருக்கப்பட்ட வடிவில்தான் போக முடியும்.

மெனுவில் PCM என்று வைத்தால், ஒலியைப் பிரிக்கும் வேலையைத் தொலைக்காட்சியே செய்துவிடுகிறது. நடு ஸ்பீக்கருக்கான வசனத்தை இடத்துக்கும் வலத்துக்கும் பங்கிடுகிறது. பின்பக்க ஒலிகளைக் குறைந்த அளவில் அவற்றோடு கலக்கிறது. அதிர்வொலிக்கென்று தனியாக இருக்கும் ‘.1’ சேனல் பெரும்பாலும் விடப்பட்டுவிடும். சவுண்ட்பாரைச் சேர்வது வெறும் ஸ்டீரியோ. இருந்தாலும் பின் ஸ்பீக்கர்களில் சத்தம் கேட்கலாம். பலரும் ஏமாறுவது இங்கேதான். வந்த இரண்டு சேனல்களிலிருந்து மற்றவற்றை சவுண்ட்பாரே ஊகித்து உருவாக்குகிறது. படத்தில் ஒலியமைத்தவர் பின்னால் வைத்த மழைச் சத்தம் இதில் முன்னால் வந்து விழக்கூடும்.

பாஸ்த்ரூ இதற்கு நேர் எதிர். வந்த ஒலியைத் தொலைக்காட்சி பிரிப்பதில்லை, அப்படியே கடத்திவிடுகிறது. பிரித்து ஆறு சேனலாக்குவது சவுண்ட்பாரின் வேலை. டிவிடியிலிருந்து வரும் டால்பி டிஜிட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. ஆனால் இன்றைய ஓடிடி செயலிகள் பெரும்பாலும் தருவது டால்பி டிஜிட்டல் பிளஸ். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் வடிவம் வேறு. ஆப்டிகல் வழியாக அது செல்லாது. அதனால்தான் Pass Through, PCM இரண்டோடு Auto என்ற மூன்றாவது தேர்வும் மெனுவில் இருக்கிறது. சவுண்ட்பாருக்கு ஏற்ற வடிவத்தைத் தொலைக்காட்சியே தேர்ந்து, தேவைப்பட்டால் பிளஸைப் பிரித்துச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மறுபடி சுருக்கி அனுப்பும்.

ஒரு வீட்டில் 5.1 சவுண்ட்பார் ஆப்டிகலில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். தொலைக்காட்சியின் உள்செயலியில் 5.1 ஒலி உள்ள படம் ஓடுகிறது. Pass Through வைத்ததும் சத்தம் அடியோடு நின்றுபோகிறது. கேபிளில் பழுதில்லை: PCM வைத்தால் சத்தம் வருகிறது, ஆனால் சவுண்ட்பாரின் திரையில் PCM என்றே தெரிகிறது. Auto வைத்த பிறகு அங்கே Dolby Digital என்று மாறினால் காரியம் முடிந்தது. இந்த மெனு எல்ஜி தொலைக்காட்சிகளில் Digital Sound Output என்றும், சாம்சங்கில் Digital Output Audio Format என்றும் இருக்கும். பார்க்கும் படத்தின் ஒலியே ஸ்டீரியோவாக இருந்தால் எந்தத் தேர்விலும் சரவுண்ட் வராது. எனவே 5.1 ஒலி உண்டு என்று உறுதியாகத் தெரிந்த படத்தை வைத்தே சோதிக்க வேண்டும்.

செட்டாப் பாக்ஸோ பிளேயரோ ஹெச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சிக்கு வந்து, அங்கிருந்து ஆப்டிகலில் போகும்போது இன்னொரு கண்ணியும் கூடுகிறது. பாக்ஸின் ஒலி அமைப்பிலேயே ஸ்டீரியோ என்று இருந்தால், தொலைக்காட்சியில் எதை மாற்றியும் பயனில்லை. முதலில் பாக்ஸை டால்பி டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். டிடிஎஸ் ஒலியின் அடிப்படை வடிவம் ஆப்டிகலில் அடங்கும் என்றாலும், அதை ஏற்காத தொலைக்காட்சிகள் பல உண்டு. அங்கே பிளேயரின் ஆப்டிகல் அவுட்டை நேரே சவுண்ட்பாரில் செருகுவதே நல்ல வழி.

PCM தவறான தேர்வு என்பதில்லை. இரண்டு சேனல் மட்டுமே உள்ள, டால்பி டிகோடர் இல்லாத சவுண்ட்பாருக்கு அதுதான் வேண்டும். மற்றதை வைத்தால் மௌனமோ இரைச்சலோதான் மிஞ்சும். Auto தேர்வில் பிரித்து மறுபடி சுருக்குவதால் சில தொலைக்காட்சிகளில் உதட்டசைவுக்குப் பின் ஒலி தாமதமாக வரும். சவுண்ட்பார், வரும் ஒலியை மேலும் தாமதப்படுத்தத்தான் முடியும், முன்னால் கொண்டுவர முடியாது. ஆகவே அந்தத் தாமதத்தைத் தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் குறைத்துப் பார்க்க வேண்டும். அட்மாஸ் ஒலியின் உயரத் தகவல் மட்டும் ஆப்டிகலில் எந்தத் தேர்வாலும் கிடைக்காது. அதற்கு ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு தேவை. அட்மாஸைத் தாங்கிவரும் டால்பி டிஜிட்டல் பிளஸ், தொலைக்காட்சியும் சவுண்ட்பாரும் ஏற்குமானால், அதன் வழியே முழுதாகப் போகும்.