நூறு கோடியில் கடன் எவ்வளவு?

ஒரு கம்பெனி, பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய டிபெஞ்சர்களை விற்று 100 கோடி ரூபாய் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடக் கெடு, ஆண்டுக்கு 8 சதவீத வட்டி. கெடு முடியும்போது டிபெஞ்சரை வைத்திருப்பவர் பணமாகவே வாங்கிக்கொள்ளலாம். வேண்டுமானால், முன்பே பேசி முடித்த எண்ணிக்கையில் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதி இல்லாத வெறும் டிபெஞ்சராக இருந்தால் 12 சதவீதம் கேட்டிருப்பார்கள். பங்கு விலை ஏறினால் கிடைக்கப்போகும் ஆதாயத்துக்காகத்தான் அந்த 4 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஆக, திரட்டிய பணத்தில் ஒரு பகுதி கடன். மீதி, பங்கு வாங்கும் உரிமைக்கான விலை. இண்ட் ஏ.எஸ். 32 என்ற கணக்கியல் தரநிலை இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்து எழுதச் சொல்கிறது. முதலில் கணக்கிடுவது கடனை. ஆண்டுக்கு 8 கோடியாக மூன்று வட்டித் தவணைகள், கடைசியில் 100 கோடி அசல். இவற்றை 12 சதவீதத்தில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 90.39 கோடி வரும். மிச்சம் 9.61 கோடி பங்கு மூலதனத்தின் பக்கம் போகும். பிறகு பங்கு விலை இரட்டிப்பானாலும் இந்தப் பிரிவினை மாறாது.

லாப நட்டக் கணக்கில்தான் இதன் சூடு தெரியும். முதல் ஆண்டு கையிலிருந்து போவது 8 கோடி. வட்டிச் செலவாக எழுதுவதோ 90.39 கோடிக்கு 12 சதவீதம், அதாவது 10.85 கோடி. வித்தியாசமான 2.85 கோடி கடனோடு சேர, ஆண்டுக் கடைசியில் அது 93.24 கோடியாகிறது. இப்படியே ஏறி மூன்றாம் ஆண்டு முடிவில் சரியாக 100 கோடியைத் தொடும். பங்கு விலை சரிந்து எல்லாரும் பணமாகவே வாங்கிப் போனாலும், அந்த 9.61 கோடி லாபமாகிவிடாது. பங்கு மூலதனத்தின் பக்கமே தங்கும்.

பலவீனமான இடம் அந்த 12 சதவீதம். வெளியிடாத ஒரு டிபெஞ்சருக்குச் சந்தை என்ன வட்டி கேட்டிருக்கும் என்பது அனுமானம்தானே! 10 சதவீதம் என்று வைத்தால் கடன் 95.03 கோடியாக உயர்ந்து, பங்குப் பகுதி ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆண்டறிக்கையைப் புரட்டுபவர்கள், எந்த வட்டி விகிதம் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதைக் குறிப்புகளில் தேடிப் பார்ப்பது நல்லது.

கட்டாயமாகப் பங்காக மாறும் டிபெஞ்சரில் கதை வேறு. மாறும் பங்குகளின் எண்ணிக்கை முன்பே நிர்ணயமாகியிருந்தால், அசலைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. வட்டித் தவணைகளின் இன்றைய மதிப்பான 19.21 கோடி மட்டுமே கடன், 80.79 கோடி பங்கு. ஆனால் மாறும் நாளின் சந்தை விலைப்படி, 100 கோடி மதிப்புக்கு எத்தனை பங்குகள் வருமோ அத்தனை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அசலில் ஒரு ரூபாய்கூடப் பணமாக வெளியே போகாவிட்டாலும், மொத்தமும் கடன்தான்.