ரிசப்ஷன் வேலைக்கு ஒரு பக்கக் கடிதம்

துபாய் ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், கேட்டரிங் படித்து, பயிற்சியும் முடித்த நம் பிள்ளைகள் அனுப்பும் கடிதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "நான் கடின உழைப்பாளி. சிரித்த முகத்துடன் பழகுவேன். தமிழ், ஆங்கிலம், இந்தி, மலையாளம், அரபி மொழிகளில் சரளமாகப் பேசுவேன். விருந்தினரே தெய்வம் என்பது என் கொள்கை." சீனியர் அனுப்பிய கோப்பில் பெயரை மட்டும் மாற்றியதாக இருக்கும், இல்லாவிட்டால் ஏஜென்ட் ஆபீசில் அடித்துக் கொடுத்ததாக இருக்கும். அங்கே உட்கார்ந்து இதைப் படிக்கிற ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜருக்கு, எழுதியவர் கவுன்டருக்குப் பின்னால் ஒரு நாளாவது நின்றிருக்கிறாரா என்பதுகூட இதில் தெரியாது.

சென்னையில் பெரிய மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஹோட்டலில் ஆறு மாதம் பயிற்சி முடித்த மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவள் விண்ணப்பிப்பது கெஸ்ட் சர்வீஸ் ஏஜென்ட் வேலைக்கு. செக்-இன், செக்-அவுட், சாவி அட்டை, பில், புகார் எல்லாம் இந்த ஆளிடம்தான் வந்து சேரும். கடிதம் ஆங்கிலத்தில் போகும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. அவள் முதலில் எழுதியது மேலே சொன்ன அதே கடிதம். அதை எப்படித் திருத்தலாம்?

மொழிகளில் ஆரம்பிப்போம். "ஐந்து மொழியும் சரளம்" என்ற வரிதான் அவளைக் காட்டிக்கொடுக்கும். வெளிநாட்டு ஹோட்டல்கள் முதல் நேர்காணலைப் பெரும்பாலும் வீடியோவிலேயே முடித்துவிடுகின்றன. அரபி தெரியும் என்று எழுதியிருந்தால், எதிரே இருப்பவர் அரபியில் இரண்டு கேள்வி கேட்பார். சலாம் சொல்வதற்கு மேல் அவளுக்கு வராது. அதன்பிறகு அவள் இந்தி நன்றாகப் பேசினாலும் கேட்பவர் மனதில் சந்தேகம் விழுந்துவிடும்.

ஐரோப்பிய முறையில் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிப்பார்கள். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதைப் போடலாம். இல்லாதவர்கள், அந்த மொழியை வைத்துக்கொண்டு கவுன்டரில் எந்த வேலையை முடிக்க முடியும் என்று எழுதுவதே நல்லது. திருத்திய கடிதத்தில் அந்தப் பத்தி இப்படி வரும்:

"தமிழ் என் தாய்மொழி. ஆங்கிலத்தில் செக்-இன், தொலைபேசி முன்பதிவு, புகார் ஆகியவற்றைக் கவனிக்கவும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும் முடியும். இந்தியில் செக்-இன் செய்யவும் பில்லை விளக்கவும் முடியும், எழுத வராது. மலையாளம் பேசினால் புரியும். மெதுவாகப் பதில் சொல்வேன். வங்கதேச விருந்தினர்கள் அதிகம் வந்ததால் பாஸ்போர்ட், அறை, உணவு நேரம் சம்பந்தமான வங்காள வாக்கியங்கள் சில பழகியிருக்கிறேன். அரபி எழுத்துகளும் எண்களும் இப்போது படித்துவருகிறேன்."

ஐந்து சரளம் போய், இரண்டு முழுதாகவும் மற்றவை அரையும் குறையுமாகவும் நிற்கின்றன. ஆனாலும் இந்தப் பத்திக்குத்தான் எடை அதிகம். "எழுத வராது" என்று ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டவள், "முடியும்" என்று சொல்லும் இடத்தில் நம்பத்தக்கவள் ஆகிறாள். பயிற்சி ஹோட்டலில் தேவைப்பட்ட மொழியைத் தானே தேடிப் பழகினாள் என்பதும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. இன்னொன்று: நம்மவர்கள் பலர் தமிழைக் கடைசியில் போடுகிறார்கள், சிலர் போடுவதே இல்லை. துபாய்க்கு இந்தியாவிலிருந்து போகிற பயணிகள் ஏராளம். அவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. வயதான அம்மா ஒருவர் தனியாக வந்து நிற்கும்போது தமிழ் தெரிந்த ஆள் கவுன்டரில் இருப்பதன் அருமை மேனேஜருக்குத் தெரியும்.

அடுத்து சேவை மனப்பான்மை. இதை அந்தச் சொல்லாலேயே எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரே ஒரு சம்பவம் போதும். அவள் எழுதியது:

"ஒரு நாள் காலை வெளிநாட்டிலிருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு தம்பதி எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். அறை தருவது மதியம் 2 மணிக்கு. அவர்களுக்கு 11 மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறை இப்போது இல்லை என்பதை முதலிலேயே சொன்னேன். பெட்டிகளுக்கு டேக் போட்டு வைத்தேன். மேற்பார்வையாளரிடம் கேட்டு, ஜிம் பக்கத்துக் குளியலறையைப் பயன்படுத்த ஏற்பாடு செய்தேன். பாஸ்போர்ட், விசா நகல்களை அப்போதே வாங்கிப் பதிவு வேலையை முடித்தேன். லிஃப்ட்டுக்கு அருகில் உள்ள ஓர் அறையை முதலில் தயார் செய்யும்படி ஹவுஸ்கீப்பிங்கைக் கேட்டேன். அவர்கள் திரும்பியபோது கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

இதில் பாசம், பணிவு, அர்ப்பணிப்பு என்ற சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மேனேஜர் தேடுவதெல்லாம் இருக்கிறது. அறை இல்லை என்பதை மழுப்பாமல் சொன்னாள். குளியலறைக்கு அனுமதி கேட்டாள். பயிற்சியாளருக்கு எது வரை அதிகாரம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய ஹோட்டல்களுக்கு உள்ள விதி. அந்த வேலையை விருந்தினர் களைப்பாகத் திரும்பும் நேரத்துக்குத் தள்ளாமல் முன்னாலேயே முடித்திருக்கிறாள்.

அந்தத் தம்பதியின் பெயர், அறை எண், என்ன நோய் என்பது எதுவும் கடிதத்தில் வரவில்லை என்பதையும் பாருங்கள். சிலர் "இன்ன நடிகருக்கு நான்தான் செக்-இன் செய்தேன்" என்று பெருமையாக எழுதுவார்கள். யார் தங்குகிறார், எந்த அறையில் தங்குகிறார் என்பதை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். அதைக் கடிதத்திலேயே மீறுகிறவரை யார் கவுன்டரில் நிறுத்துவார்கள்?

பயிற்சியாளர்கள் சறுக்கும் இன்னோர் இடம், செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்வது. ஓப்ரா மென்பொருளில் செக்-இன் பதிந்தேன் என்பது உண்மையானால் தாராளமாக எழுதலாம். நைட் ஆடிட், பணம் திருப்பிக் கொடுப்பது போன்றவற்றைப் பயிற்சியாளர் கையில் பொதுவாகக் கொடுப்பதில்லை. "பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்" என்று எழுதினால் குறையில்லை. "தனியாகச் செய்தேன்" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: கணக்கு இடித்தபோது எங்கே தேடினாய்?

மற்றதெல்லாம் சுருக்கம்தான். விளம்பரத்தில் பதவிக்கு என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதே பெயர் முதல் வரியில் வரட்டும். பாஸ்போர்ட் எது வரை செல்லும், எப்போது சேர முடியும், ஷிப்ட் வேலைக்குச் சம்மதமா என்பவை கடைசி இரண்டு வரிகளில் போதும். சம்பளமும் வீட்டுக் கஷ்டமும் இங்கே வேண்டாம். பாஸ்போர்ட் நகலை முதல் கடிதத்தோடு அனுப்ப வேண்டியதில்லை. நேர்காணல் முடிந்து, கேட்பவர் யாரென்று உறுதியான பிறகு கொடுக்கலாம்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து, விருந்தினர் மாதிரி உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அறை வேண்டும், ஏ.சி. ஓடவில்லை, பில்லில் தொகை தவறு, இந்த மூன்றை அவர் கேட்கட்டும். எந்த மொழியில் திணறுகிறீர்களோ, அந்த வரியை உடனே திருத்திவிடுங்கள்.