'இல்லை', 'அல்ல': பொருள் வேறுபாடு

'உக்கடம் பெரியகுளம் ஆறு இல்லைங்க' என்பதைக் கோவைப் பேச்சுவழக்கிற் கேட்கிறோம். எழுத்து வழக்கில் ஈண்டு 'ஆறு அன்று' என்றலே முறை. 'இல்லை' பொருளின் இருப்பை மறுக்கும். 'அல்ல' ஒன்று மற்றொன்றாதலை மறுக்கும்.

ஐயம் நேருமிடத்து வாக்கியத்தை உடன்பாடாக்கிக் காண்க. 'நொய்யலில் நீர் இல்லை' என்பது 'நீர் உண்டு' என மாறும். 'குளம் ஆறு அன்று' என்பது 'ஆறு ஆகும்' என மாறும். 'உண்டு' பொருந்துமிடத்து 'இல்லை' வரும். 'ஆகும்' பொருந்துமிடத்து 'அன்று', 'அல்ல' முதலியன வரும்.

'இல்லை' ஐம்பால் மூவிடத்திற்கும் பொது என்பது நன்னூலார் கொள்கை. 'அல்ல' பலவின்பாற்கே உரியது. ஒருமைக்கு 'அன்று', ஆண்பாற்கு 'அல்லன்' என வேறுபடும்.

'அவர் நேற்று வரவில்லை' என்பது வருகையையே மறுக்கும். 'அவர் வந்தது நேற்று அன்று' என்பதோ வருகையை உடன்பட்டுக் காலத்தை மட்டும் மறுக்கும். இவ்விரண்டையும் மயக்கின் சான்றின் பொருளே திரியும் எனக் கருதுகிறோம்.