நடப்பவருக்கு எந்தக் கடிகாரம்?

மொபைல் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பேண்டும் முப்பதாயிரம் ரூபாய் ஸ்மார்ட் வாட்சும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் நடந்த அடிகளை எண்ணும். இரண்டும் நாடித்துடிப்பைக் காட்டும். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடப்பவர் எதை நம்பி இருபத்தேழாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கொடுப்பது? நடக்கும்போது நாம் உண்மையில் பார்ப்பவை அடிகள், தூரம், நேரம், நாடி ஆகிய நான்கும்தான். விலையை அவற்றோடு பொருத்திப் பார்த்தால் கணக்கு தெளிவாகிவிடும்.

அடிகளை எண்ணுவது ஆக்சிலரோமீட்டர் என்கிற சின்னஞ்சிறு சில்லு. மலிவான பேண்டிலும் அது இருக்கிறது. அது காலைப் பார்ப்பதில்லை, கை வீச்சைத்தான் பார்க்கிறது. அதனால் குடை பிடித்தபடியோ பேரக்குழந்தையின் தள்ளுவண்டியைத் தள்ளியபடியோ நடந்தால் விலையுயர்ந்த கடிகாரமும் அடிகளைத் தவறவிடும். கை சும்மா வீசும் பக்கத்துக்கு அதை மாற்றிக் கட்டுவதுதான் மருந்து. பத்தாயிரம் அடி என்ற இலக்கையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. சராசரியாக 72 வயதான பெண்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை.

தூரத்தில்தான் விலை வித்தியாசம் தலைகாட்டுகிறது. ஜிபிஎஸ் இல்லாத பேண்ட், நம் உயரத்தை வைத்து ஓர் அடியின் நீளத்தை ஊகித்து, அதை அடிகளின் எண்ணிக்கையால் பெருக்கிச் சொல்கிறது. ஜிபிஎஸ் உள்ளே இருக்கும் கடிகாரம், செயற்கைக்கோள்களைக் கொண்டு போன பாதையையே அளக்கிறது. பல பெட்டிகளில் ஜிபிஎஸ் என்று அச்சிட்டிருந்தாலும், அது போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குவதாகவே இருக்கும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் வேலை செய்யாது. “ஜிபிஎஸ் வாட்சுக்குள்ளேயே இருக்கா, போன் வழியாகவா?” என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும்.

தினமும் ஒரே மைதானத்தைச் சுற்றுபவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை என்பேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், வயது அறுபது. பேண்ட் காட்டும் தூரம் சரியில்லை, ஜிபிஎஸ் உள்ளதாக வாங்கலாமா என்று கேட்டார். அவர் நடப்பது 400 மீட்டர் ஓடுதளத்தில். “டீச்சர், உள்வட்டக் கோட்டை ஒட்டியே ஒரு சுற்று வாங்க, முன்னாடியும் பின்னாடியும் எத்தனை அடின்னு பாருங்க” என்றேன். ஒரு சுற்றுக்கு 640 அடி வந்தது. நானூறை 640-ஆல் வகுத்தால் ஓர் அடி 62 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பேண்டோ அவருடைய அடியை 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் ஆறு சுற்றில் வர வேண்டிய 2.4 கிலோமீட்டர் 2.7 ஆனது. அவருடைய செயலியில் அடி நீளத்தை நாமே பதியும் வசதி இருந்தது. பதிந்ததும் கணக்கு நேராகிவிட்டது. அந்த வசதி இல்லாவிட்டாலும் சுற்றுகளை எண்ணினால் போதும். ஊர் ஊராகப் போய்ப் புதுப்புதுப் பாதைகளில், போன் இல்லாமல் நடப்பவருக்கு உள் ஜிபிஎஸ் பயன்படும். அவர் ஏறக்குறைய ஏழெட்டாயிரம் ரூபாயிலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

நாடித்துடிப்பு கொஞ்சம் நுணுக்கமான விஷயம். கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை விளக்குதான் அதை அளக்கிறது. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் பெருகி வடிய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. பட்டை தளர்ந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து அளவைக் கெடுக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராமல், அதே சமயம் தழும்பு விழாமல் கட்ட வேண்டும்.

நடப்பவர்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. வேகமாக நடப்பவர் நிமிடத்துக்கு நூறிலிருந்து 120 அடி வைப்பார். அப்போது அவருடைய நாடியும் பெரும்பாலும் அதே அளவில்தான் இருக்கும். கருவி கை வீச்சின் தாளத்தையே நாடி என்று பிடித்துக்கொண்டுவிட்டால், தப்பான எண்ணும் நம்பும்படியாக இருக்கும். நடக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே எண் 75-லிருந்து 110-க்குத் தாவினால் சந்தேகப்படுங்கள். உண்மையான நாடி படிப்படியாகத்தான் ஏறும். நின்று, கழுத்தோரம் விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். கடிகாரத்தின் எண் ஐந்தாறு துடிப்புக்குள் ஒத்துப்போனால் போதும். பட்டையை இறுக்கியும் அடிக்கடி இருபது, முப்பது தள்ளிப் போனால் அந்தக் கருவி நடைக்கு உதவாது.

டீச்சரின் நாடிக் கணக்கையும் போட்டோம். 220-லிருந்து வயதைக் கழித்தால் 160. மிதமான நடைக்கு அதில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை, அதாவது 80 முதல் 112 வரை. இது தோராயக் கணக்குதான். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்குப் பொருந்தாது, அந்த மருந்தே நாடியைக் குறைத்துவிடும். அவர்கள் தங்களுக்கான எண்ணை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே சரி.

இரண்டாயிரம் ரூபாய்க்குள் பெரிய திரையோடு வரும் வாட்சுகளில் பணம் பெரும்பாலும் புளூடூத் அழைப்புக்கான மைக், ஸ்பீக்கர், திரை ஆகியவற்றுக்கே போகிறது. அதே விலைக்கு ஒல்லியான பேண்டில் சென்சாரும் பேட்டரியும் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. மலிவு வாட்சில் ரத்த அழுத்தம் என்று ஓர் எண் தெரிந்தால், அதை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு சொல்வதாக விற்கும் கடிகாரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கலோரிக் கணக்குக்காகவும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரியில் இருப்பதிலேயே துல்லியமானதும் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

முப்பதாயிரத்துக்கு நியாயம் இருக்கும் இடமும் உண்டு. இதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்ற பிரச்சினை உள்ளவருக்கு ஈசிஜி பதிவு பயன்படும். தனியாக நடக்கும் முதியவருக்கு, விழுந்தால் குடும்பத்தினருக்குத் தகவல் அனுப்பும் வசதி பயன்படும். ஆனால் ஆப்பிள் எஸ்இ மாடலில் ஈசிஜி கிடையாது. ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் வேண்டும். சாம்சங் வாட்சின் ஈசிஜிக்கு சாம்சங் போனே வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், பணம் கொடுத்த வசதி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இந்த வகைக் கடிகாரங்களில் பலவற்றுக்கு ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். பேண்ட் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

பில் போடுவதற்கு முன் கடை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் திரையில் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகள்: இருநூறு அடி மனதுக்குள் எண்ணி நடந்து ஒப்பிடுவது, நடுநடையில் கழுத்து நாடியோடு ஒப்பிடுவது, நடைக்குப் பின் வியர்வையைத் துடைத்துவிட்டு சார்ஜரில் ஏறுகிறதா என்று பார்ப்பது. அந்தச் சார்ஜர் பெரும்பாலும் அதே மாடலுக்கு மட்டுமே பொருந்தும். தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.