வட்டி போடும் குட்டி

மாதம் 100 ரிங்கிட். ஆண்டுக்கு 1,200 ரிங்கிட். நாற்பது ஆண்டுகளுக்கு இப்படிச் சேமித்தால் கையில் சேரும் தொகை 48,000 ரிங்கிட். இது எளிய பெருக்கல். தகர உண்டியலில் பணம் போட்டு வைப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால், இதே பணத்தை ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி தரும் கணக்கில் போட்டு, வட்டியையும் எடுக்காமல் விட்டுவைத்தால் நாற்பதாம் ஆண்டின் இறுதியில் 144,960 ரிங்கிட் இருக்கும். போட்ட பணத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு! கூடுதலாக வந்த 96,960 ரிங்கிட் எங்கிருந்து வந்தது?

வட்டியை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். முதலுக்கு மட்டும் வட்டி கொடுப்பது தனிவட்டி. முதலோடு, முன்பு சேர்ந்த வட்டிக்கும் சேர்த்து வட்டி கொடுப்பது கூட்டு வட்டி. ‘வட்டி குட்டி போடும்’ என்று பெரியவர்கள் சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். குட்டி வளர்ந்து தானும் குட்டி போடுவதுபோல, வட்டியும் முதலோடு சேர்ந்து தானும் வட்டி ஈட்டத் தொடங்குகிறது.

இதனை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருப்பதற்காக, ஓர் ஆண்டில் போடும் 1,200 ரிங்கிட்டுக்கு அடுத்த ஆண்டு முதல்தான் வட்டி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஜனவரியில் போட்ட பணம் அந்த ஆண்டே சிறிது வட்டி ஈட்டும். ஆகவே, இங்கே வரும் தொகைகள் உண்மையில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவானவையே.

முதல் ஆண்டின் இறுதியில் கணக்கில் 1,200 ரிங்கிட் இருக்கும். இரண்டாம் ஆண்டில் அதற்கு 5 விழுக்காடு வட்டியாக 60 ரிங்கிட் வரும்; அவ்வாண்டுச் சேமிப்பு 1,200 ரிங்கிட்டையும் சேர்த்தால் 2,460 ரிங்கிட். மூன்றாம் ஆண்டில் 2,460 ரிங்கிட்டுக்கு வட்டி 123 ரிங்கிட். இந்த 123 ரிங்கிட்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அதுவரை போட்ட பணம் 2,400 ரிங்கிட் மட்டுமே. அதற்குரிய வட்டி 120 ரிங்கிட். மீதம் 3 ரிங்கிட், சென்ற ஆண்டு வந்த 60 ரிங்கிட் வட்டி ஈட்டித் தந்தது. அதுதான் வட்டி போட்ட முதல் குட்டி.

மூன்று ரிங்கிட்டைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். தொடக்கத்தில் கூட்டு வட்டி எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும், தனிவட்டியாக இருந்தால் கிடைத்திருக்கும் தொகைக்கும் கூட்டு வட்டியில் கிடைத்த தொகைக்கும் இடையே உள்ள வேறுபாடு 393 ரிங்கிட்தான். பத்து ஆண்டு பொறுமைக்கு இது மிகச் சிறிய பரிசு. பலர் மனம் தளர்ந்து பணத்தை எடுத்துவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால், அதன்பின் நடப்பதைக் கீழ்க்காணும் அட்டவணை காட்டுகிறது.

| ஆண்டு இறுதி | போட்ட பணம் (ரிங்கிட்) | சேர்ந்த வட்டி (ரிங்கிட்) | மொத்தம் (ரிங்கிட்) |
|---|---|---|---|
| 10 | 12,000 | 3,093 | 15,093 |
| 20 | 24,000 | 15,679 | 39,679 |
| 30 | 36,000 | 43,727 | 79,727 |
| 40 | 48,000 | 96,960 | 144,960 |

போட்ட பணம் ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரே அளவாக 12,000 ரிங்கிட் உயர்கிறது. வட்டியோ அப்படி உயரவில்லை. முதல் பத்தாண்டில் 3,093 ரிங்கிட் வந்த வட்டி, கடைசிப் பத்தாண்டில் மட்டும் 53,233 ரிங்கிட் வருகிறது. இடையில் ஒரு திருப்பம் உண்டு. பதினைந்தாம் ஆண்டில் வரும் வட்டி 1,176 ரிங்கிட். பதினாறாம் ஆண்டில் அது 1,295 ரிங்கிட்டாகி, அந்த ஆண்டு முழுவதும் போட்ட 1,200 ரிங்கிட்டையும் மிஞ்சிவிடுகிறது. அதுவரை சேமிப்பவர் கணக்கை வளர்த்தார். அதன்பின் கணக்கே தன்னை அதிகம் வளர்த்துக்கொள்கிறது. நாற்பதாம் ஆண்டில் மட்டும் வரும் வட்டி 6,846 ரிங்கிட். தனிவட்டியாக இருந்தால் நாற்பது ஆண்டுகளுக்கும் சேர்த்து 46,800 ரிங்கிட் வட்டியே கிடைத்திருக்கும். மீதமுள்ள 50,160 ரிங்கிட், வட்டி போட்ட குட்டிகளின் பங்கு.

மலேசியாவில் இத்தகைய கணக்குப் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி வாரியம், சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பங்கையும் முதலாளி செலுத்தும் பங்கையும் சேர்த்து வைக்கிறது. ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் இலாப ஈவு உறுப்பினரின் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. அடுத்த ஆண்டு அந்த ஈவுக்கும் ஈவு கிடைக்கிறது. வழக்கமான சேமிப்புக்கு 2022ஆம் ஆண்டில் 5.35 விழுக்காடும் 2023ஆம் ஆண்டில் 5.50 விழுக்காடும் வழங்கப்பட்டன. மேலே 5 விழுக்காட்டைக் கொண்டு கணக்கிட்டதற்குக் காரணம் இதுவே. எனினும், இந்த ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. இச்சேமிப்புக்குச் சட்டம் உறுதியளிக்கும் குறைந்தபட்ச ஈவு 2.5 விழுக்காடு மட்டுமே. நாற்பது ஆண்டுகளும் அந்த அளவே கிடைத்தால், மாதம் 100 ரிங்கிட் சேமித்தவரிடம் 80,883 ரிங்கிட்தான் இருக்கும். விகிதம் பாதியாகக் குறைந்தால் வட்டியும் பாதியாகும் என்று பலர் நினைப்பர். இங்கோ அது 96,960 ரிங்கிட்டிலிருந்து 32,883 ரிங்கிட்டாக, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. குட்டிகளும் குறைவாகவே குட்டி போடுவதால் வரும் விளைவு இது.

விகிதத்தைச் சேமிப்பவர் முடிவு செய்ய இயலாது. எப்போது தொடங்குவது என்பதை ஓரளவு முடிவு செய்யலாம். ஒரு வீட்டில் அக்காள் 20 வயதில் மாதம் 100 ரிங்கிட் சேமிக்கத் தொடங்குகிறார். தம்பி தம் 30ஆவது வயதில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் 60 வயது வரை சேமிக்கிறார்கள். அக்காள் தம்பியைவிடக் கூடுதலாகப் போட்டது 12,000 ரிங்கிட். ஆனால், 60 வயதில் அக்காளிடம் 144,960 ரிங்கிட்டும் தம்பியிடம் 79,727 ரிங்கிட்டும் இருக்கும். வேறுபாடு 65,233 ரிங்கிட்.

இந்த உதாரணத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்று சிலர் சொல்வதுண்டு: அக்காள் பத்து ஆண்டு மட்டும் சேமித்து நிறுத்திவிட்டாலும், அதன்பின் முப்பது ஆண்டு சேமிக்கும் தம்பியை வென்றுவிடுவார் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கு எப்போதும் அதற்கு ஒத்துவருவதில்லை. 5 விழுக்காட்டில் அக்காளின் பத்தாண்டுச் சேமிப்பான 15,093 ரிங்கிட், அடுத்த முப்பது ஆண்டில் 4.32 மடங்காகி 65,233 ரிங்கிட்டாகிறது. தம்பியின் 79,727 ரிங்கிட்டை அது எட்டவில்லை. 7 விழுக்காடு கிடைத்தால் அக்காள் 126,209 ரிங்கிட் பெற்று, தம்பியின் 113,353 ரிங்கிட்டை முந்துவார். ஆகவே, இக்கதையைக் கேட்கும்போது எத்தனை விழுக்காடு என்று முதலில் கேட்க வேண்டும். அப்படியிருந்தும், 5 விழுக்காட்டுக் கணக்கில் அக்காள் போட்டது 12,000 ரிங்கிட், தம்பி போட்டது 36,000 ரிங்கிட் என்பதை மறந்துவிடக் கூடாது.

தாமதமாகத் தொடங்குவதைப் போன்றதுதான் நடுவில் பணத்தை எடுப்பதும். கோவிட் பெருந்தொற்றின்போது சேமநிதியிலிருந்து பணத்தை மீட்கச் சிறப்பு அனுமதிகள் வழங்கப்பட்டன. அத்திட்டங்களின் வழி ஏறத்தாழ 14,500 கோடி ரிங்கிட் வெளியே எடுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் ஒருவர் 10,000 ரிங்கிட் வரை மீட்க முடிந்தது. வேலை இழந்த பல குடும்பங்களுக்கு அது அரிசியும் வீட்டு வாடகையுமாயிற்று. அவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், அதன் விலை என்ன என்பதை அறிந்திருப்பது நல்லது. அவ்வாண்டு 30 வயதில் 10,000 ரிங்கிட் எடுத்த ஒருவர், 5 விழுக்காட்டுக் கணக்குப்படி, 60 வயதில் இருந்திருக்க வேண்டிய 43,219 ரிங்கிட்டை எடுத்திருக்கிறார். அதே தொகையை 50 வயதில் எடுத்தவர் இழப்பது 16,289 ரிங்கிட். எடுத்த பணம் ஒன்றே, வயதுதான் வேறு.

கூட்டு வட்டி சேமிப்பவருக்கு மட்டும் உழைப்பதில்லை. கடனிலும் அது இதே வேலையைச் செய்யும். உரிமம் பெறாத வட்டிக்காரரிடம் மாதம் 10 விழுக்காட்டுக்கு 1,000 ரிங்கிட் வாங்கி, ஓராண்டு எதுவும் கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி ஏறிக் கடன் 3,138 ரிங்கிட்டாகிவிடும். சேமிப்பு மூன்று மடங்காக நாற்பது ஆண்டு ஆயிற்று. இந்தக் கடனுக்கு ஒரே ஆண்டு போதும்.

விலைவாசியும் கூட்டு வட்டியைப் போலவே ஏறுகிறது. ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் விலை உயர்ந்தால், இன்று 2 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு ரொட்டிச்சானாய் நாற்பது ஆண்டுகள் கழித்து 6 ரிங்கிட் 52 சென்னுக்கு விற்கும். அந்த நாளில் 144,960 ரிங்கிட்டைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள்களை இன்று ஏறத்தாழ 44,440 ரிங்கிட்டுக்கு வாங்கிவிடலாம். பெரிய தொகையைக் கண்டு மகிழும்போது இந்தக் கழிவையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. தகர உண்டியலில் இருக்கும் 48,000 ரிங்கிட்டுக்கோ, அதே கணக்குப்படி, இன்றைய மதிப்பில் 14,715 ரிங்கிட்டுக்குரிய பொருள்கள்தான் கிடைக்கும்.