பக்கத்து வீட்டு சிகரெட் புகை: டக்ட், சட்டம், மொட்டை மாடிச் சாவி

நாங்க இருக்கிறது சிட்லபாக்கத்துல, தரைத்தளமும் மூணு மாடியும் சேர்ந்து 12 வீடு உள்ள ஒரு பிளாட். எங்க வீடு இரண்டாவது மாடி. போன வருஷம் திடீர்னு ஒரு நாள் விடியற்காலை அஞ்சரை மணிக்கு பாத்ரூம்ல சிகரெட் வாசனை. ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடியும். அதுக்கப்புறம் அது தினசரி ஆயிடுச்சு. அம்மாவுக்கு ஆஸ்துமா. ஒரே வாரத்துல ரெண்டு தடவை இன்ஹேலரைத் தேட வேண்டியதாப் போச்சு.

எதிர் வீட்டுத் தம்பிதான் காரணம்னு எனக்குச் சந்தேகமே இல்ல. கேம்ப் ரோடு டீக்கடையில அவர் சிகரெட்டோட நிக்கிறதைப் பார்த்திருக்கேன். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல காட்டமா ஒரு மெசேஜ் கூட டைப் பண்ணி வச்சிருந்தேன். அனுப்பறதுக்கு முன்னாடி எந்த வழியா வருதுன்னு ஒருமுறை பார்த்துடலாம்னு தோணுச்சு. பார்த்ததுல, அவர் இல்லைன்னு தெரிஞ்சது.

புகை வர்ற வழியைக் கண்டுபிடிக்கிறது

முதல் வேலை, நாலு நாளைக்கு ஒரு குறிப்பு. எத்தனை மணிக்கு, எந்த அறையில முதல்ல வாசனை வந்தது, அப்போ வீட்டுல எந்த ஃபேன் ஓடிச்சு, எந்த ஜன்னல் திறந்திருந்தது. இதுலயே ஒண்ணு புரிஞ்சது. எப்பவும் முதல்ல பாத்ரூம்லதான் வருது, அந்த நேரத்துல எல்லாம் சமையலறை எக்சாஸ்ட் ஃபேன் ஓடிட்டிருக்கு. காலையில காபி, ராத்திரி தோசை.

அடுத்தது ஊதுபத்தி. எல்லா ஜன்னலையும் வாசக்கதவையும் சாத்திட்டு, பாத்ரூம் கதவைத் திறந்து வச்சு, எக்சாஸ்ட் ஃபேனைப் போட்டேன். பத்த வச்ச ஊதுபத்தியை வாசக்கதவோட அடி இடுக்குல பிடிச்சப்போ புகை லேசாத்தான் உள்பக்கம் சாய்ஞ்சது. எதிர் வீட்டுக்கும் எங்களுக்கும் இடையில உள்ள வழி அது மட்டும்தான். பாத்ரூம் வென்டிலேட்டர்ல, அந்தக் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவுல பிடிச்சப்போ, புகை ஒரு கோடு மாதிரி வேகமா உள்ள வந்தது. பிறகு சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். வென்டிலேட்டர்ல புகை நேரா மேல போக ஆரம்பிச்சது. உள்ள வரல.

காரணம் ரொம்ப எளிமையானது. எக்சாஸ்ட் ஃபேன் மணிக்கு சில நூறு கன மீட்டர் காத்தை வெளிய தள்ளுது. அவ்வளவு காத்து வெளிய போனா, அதே அளவு எங்கிருந்தாவது உள்ள வந்தே ஆகணும். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தா, அது பாத்ரூம் வென்டிலேட்டர் வழியா டக்ட்ல இருந்துதான் வரும். அதாவது அந்தப் புகையை என் வீட்டு ஃபேனே இழுத்துக்கிட்டிருந்தது.

டக்ட்னு நாம சொல்றது, பாத்ரூம் குழாய்கள் இறங்கறதுக்காக விட்டிருக்கிற, மேல வானம் பார்த்த அந்த ஒடுக்கமான இடம். நாலு பக்கமும் சுவர், காத்து வீசாது. கீழ்வீட்டு ஹீட்டர் வெந்நீரோட ஆவியும் சிகரெட்டோட சூடான புகையும் அதுல மெதுவா மேல ஏறும். எங்க டக்ட்ல திறக்கிறது எங்க வரிசையில இருக்கிற நாலு வீட்டு பாத்ரூம் மட்டும்தான். மூணாவது மாடி எங்களுக்கு மேல. முதல் மாடி வீடு பல மாசமா பூட்டியிருக்கு. மிச்சம் தரைத்தளம். பிளம்பர் வந்தப்போ டக்ட்டோட அடிக்கதவைத் திறந்து பார்த்தோம், சிகரெட் துண்டுகள் கிடந்தது.

தரைத்தளத்துல இருக்கிறது ரிட்டயர்டான ஒரு பெரியவர். மகன், மருமகள், பேரனோட இருக்கார். வீட்டுக்குத் தெரியாம பாத்ரூம்ல பிடிக்கிறார். குரூப்ல நான் அந்த மெசேஜைப் போட்டிருந்தா, ஒரு தப்பான ஆள் மேல பழி விழுந்திருக்கும். சரியான ஆளை எழுதியிருந்தா, அவர் மருமகள் முன்னாடி தலைகுனிஞ்சிருப்பார்.

சட்டம் எதுவரைக்கும் வரும்?

பொது இடத்துல புகைபிடிக்கத் தடைன்னு எல்லாருக்கும் தெரியும். 2003-ல வந்த சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டத்தோட 4-வது பிரிவு அது. 2008 அக்டோபர் 2-ல இருந்து நடைமுறைக்கு வந்த விதிகள், பணியிடங்களையும் மால்களையும் அதுல சேர்த்தது. அபராதம் 200 ரூபாய் வரை. ஆனா மருத்துவமனை, உணவகம், நீதிமன்றம், நூலகம்னு போற அந்தப் பட்டியல்ல அடுக்குமாடிக் குடியிருப்பு பெயர் சொல்லி இல்ல. பொதுமக்கள் வந்து போற இடம்ங்கிறதுதான் அளவுகோல். மாடிப்படியும் லிஃப்டும் அதுல வருமான்னு வாதாடலாம். ஒருத்தரோட சொந்த பாத்ரூம் நிச்சயமா வராது.

அதனால குடியிருப்புல புகை பத்தின விதின்னா அது அசோசியேஷன் போடற விதிதான். பொது இடங்களை நிர்வகிக்கிற பொறுப்பு அதுக்குத்தான் இருக்கு. எங்க அசோசியேஷனும் ஒரு விதி போட்டிருந்தது. பிரச்சினையே அங்கதான் ஆரம்பிச்சது.

மொட்டை மாடியில சிகரெட் துண்டும் ஒரு காலி பாட்டிலும் கிடந்ததைப் பார்த்து, மாடிக் கதவைப் பூட்டி சாவியை செகரெட்டரி வச்சுக்கிட்டார். அந்தத் தேதியையும் எங்க வீட்டுல முதல் நாள் வாசனை வந்த தேதியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒரே வாரம். அதுவரைக்கும் பெரியவர் காலையில மாடியில நடக்கப் போற சாக்குல அங்க பிடிச்சிட்டிருந்தார். திறந்த வெளியில கரைஞ்சு போயிட்டிருந்த புகையை, நாங்க பூட்டு போட்டு டக்ட்டுக்குள்ள இறக்கி விட்டிருக்கோம்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதில்ல. சிங்கப்பூர்ல 2013 ஜனவரியில இருந்து அடுக்குமாடிகளோட பொது நடைபாதை, படிக்கட்டு, கீழ்த்தளம் எல்லாத்துலயும் தடை. வீட்டுக்குள்ள தடை இல்ல. வெளியில இடம் குறைஞ்சா சிகரெட் ஜன்னல் ஓரத்துக்கும் பால்கனிக்கும்தான் போகும். 2020 அக்டோபர்ல லூயிஸ் இங் என்கிற நாடாளுமன்ற உறுப்பினர் அதையும் தடை செய்யணும்னு கேட்டார். ஒவ்வொரு வீட்டு ஜன்னலையும் கண்காணிக்கிறது நடைமுறைக்கு ஒத்து வராது, தனியுரிமைப் பிரச்சினைன்னு அரசு ஏத்துக்கல. அவ்வளவு கண்டிப்பான ஊர்லயே வீட்டுக் கதவு வரைக்கும்தான் சட்டம் போச்சு.

பேசறது

கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு மட்டும்தான் போகும். என்ன கேட்கணும்ங்கிறதுக்கு எனக்கு உதவினது ஒரு ஜெர்மன் தீர்ப்பு. பிரெம்னிட்ஸ்ங்கிற ஊர்ல கீழ்வீட்டுக்காரங்க பால்கனியில பிடிக்கிற புகை மேல்வீட்டுக்கு வருதுன்னு வழக்கு. 2015 ஜனவரியில அந்த நாட்டு உச்ச சிவில் நீதிமன்றம் ரெண்டு பேருக்குமே முழு வெற்றி கொடுக்கல. தொந்தரவு நிஜமாவே கணிசமா இருந்தா, எந்தெந்த நேரம் பிடிக்கலாம், எந்தெந்த நேரம் கூடாதுன்னு பிரிச்சுக்கணும்னு சொன்னது. "பிடிக்காதீங்க"ங்கிற வார்த்தையை விட "இந்த நேரம், இந்த இடம்"ங்கிறது கேட்கவும் சுலபம், செய்யவும் சுலபம்.

பெரியவர் சாயங்காலம் கேட் பக்கத்துல தனியா உட்கார்ந்திருக்கும்போது போனேன். அவர் பிடிச்சிட்டிருக்கிற நேரத்துல போகக்கூடாது, வீட்டு வாசல்ல நின்னு பேசக்கூடாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தேன்.

"சார், நம்ம டக்ட்ல ஒரு சிக்கல். எங்க சமையலறை ஃபேன் போட்டா டக்ட்ல இருக்கிற காத்தெல்லாம் எங்க பாத்ரூம் வழியா உள்ள வந்துடுது. ஊதுபத்தி வச்சுப் பார்த்தேன். அதுல சிகரெட் புகையும் வருது. அம்மாவுக்கு மூச்சு இழுக்குது."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் மெதுவா, "மேல வரைக்கும் வரும்னு நெனைக்கல தம்பி. வீட்ல தெரியாது"ன்னார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். மாடிக் கதவு காலையில திறந்திருந்தா உங்களுக்கு சௌகரியமா இருக்குமா?"

"முன்ன அங்கதானே போயிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். பழக்கத்தைப் பத்தியோ அவர் உடம்பைப் பத்தியோ ஒரு வார்த்தை பேசல. அது வேற பேச்சு, அதை ஆரம்பிச்சிருந்தா இது நடந்திருக்காது.

விதியை மாத்தினது

அடுத்த மீட்டிங்ல யார் பேரும் சொல்லாம, டக்ட் கதையை மட்டும் சொன்னேன். தீர்மானப் புத்தகத்துல எழுதினது இதுதான்: "படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, கார் நிறுத்துமிடம், டக்ட் ஆகிய இடங்களில் புகைபிடிக்கவோ சிகரெட் துண்டு போடவோ கூடாது. மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில், மணல் தொட்டி அருகில் மட்டும் பிடிக்கலாம். மாடிக் கதவு காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும்." வாடகைக்கு வர்றவங்களோட ஒப்பந்தத்துலயும் இதை ஒரு வரியா சேர்க்கச் சொன்னோம். பிஜி விடுதியிலயும், பேச்சுலர்ஸ் நாலு பேர் சேர்ந்து எடுக்கிற வீட்டுலயும் இதே மாதிரி எழுதிக்கலாம். "கூடாது"ன்னு எழுதற இடத்துல "எங்க பிடிக்கலாம்"னும் எழுதலைன்னா, அது பாத்ரூமுக்குத்தான் போகும்.

வடகிழக்குன்னு குறிப்பா எழுதினதுக்குக் காரணம், அங்க இருந்து டக்ட் வாய் தூரம், தண்ணித் தொட்டியும் இல்ல. மத்தியானத்துக்கு மேல வீசற கடல் காத்து கிழக்கில இருந்து வரும். அப்போ அந்த மூலைப் புகை மாடிக்கு மேலயே கடந்து போயிடும், எந்த பால்கனிக்குள்ளயும் இறங்காது.

எங்க பக்கமும் ரெண்டு மாத்தம். எக்சாஸ்ட் போடறதுக்கு முன்னாடி சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறக்கிறோம். பாத்ரூம் கதவை எப்பவும் சாத்தி வைக்கிறோம். வென்டிலேட்டரை மொத்தமா அடைச்சா ஈரம் போகாம பூஞ்சை பிடிக்கும், அதனால அதைத் தொடல. அங்க ஒரு ஃபேன் வச்சு புகையை டக்ட்டுக்கே திருப்பித் தள்ளலாம்னு ஒரு யோசனை வந்தது. அப்படிச் செஞ்சா அது மூணாவது மாடிக்குத்தான் போகும். ஏர் பியூரிஃபையர் புகைத் துகள்களைப் பிடிக்கும், ஆனா வாயுவும் வாசனையும் பெருமளவு தப்பிச்சுடும். இரண்டாம் கைப் புகைக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது, காத்தோட்டமோ சுத்திகரிப்போ அதை முழுசா நீக்காதுன்னு அமெரிக்க சர்ஜன் ஜெனரல் 2006 அறிக்கையிலயே இருக்கு. பிடிக்கிற இடத்தை மாத்தினாத்தான் உண்டு.

இப்பவும் மழை கொட்டற நாள்ல பாத்ரூம்ல லேசா வாசனை வரும். பெரியவர் மாடிக்குப் போக முடியலைன்னு புரிஞ்சுக்கிட்டு, அம்மா அறைக்கதவைச் சாத்திடுவேன். மத்த நாள்ல காலை அஞ்சரைக்கு மாடிப்படியில அவர் செருப்புச் சத்தம் கேட்கும்.